மணிக்கணக்கில் வாடகைக்கு ஒரு சமையற்கூடம்

“பொதுச் சமையற்கூடம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும். சகல வசதிகளும் உண்டு. சுத்தமான இடம். நேரில் வந்து பேசவும்.” சென்னை, கோவை போன்ற ஊர்களில் சிறிய அளவில் உணவுத் தொழில் செய்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி அறிவிப்பு பழகியிருக்கும். வீட்டில் கேக் சுட்டு விற்பவர், அக்கம்பக்கக் கடைகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர், பொடியும் ஊறுகாயும் போட்டு அனுப்புபவர் என்று பலருக்கும் ஒரு கட்டத்தில் வீட்டு அடுப்படி போதாமல் போகிறது. சொந்தமாக ஒரு கூடம் போடவும் பணம் இருக்காது. அந்த இடைவெளியில்தான் பொதுச் சமையற்கூடம் வருகிறது. ஒருவர் இடம் எடுத்து, சாமான்களை வாங்கிப் போட்டு, மணிக்கணக்கில் பலருக்கும் விடுகிறார்.

மேலே சொன்ன அறிவிப்பில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்து யாராலும் ஒரு முடிவுக்கு வர முடியாது. வாடகைக்கு வருபவர் கேட்பது ஒரே கேள்விதான். என் ஒரு நாள் சரக்கை, நான் காசு கொடுக்கும் நேரத்துக்குள், இந்த இடத்தில் முடிக்க முடியுமா? கருவிகள், நேரம், சுத்தம், கட்டணம் என்று அறிவிப்பில் எதை எழுதினாலும் இந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கூடங்களுக்கு அறிவிப்பு எழுதிக் கொடுப்பதும், வாடகைக்குப் போகிறவர்களோடு சேர்ந்து போய் இடம் பார்ப்பதும் எனக்குப் பழக்கமான வேலை. வரும் தகராறுகளில் பெரும்பாலானவை, எழுதாமல் விட்ட ஒரு வரியிலிருந்துதான் முளைக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவு வியாபாரம் செய்யும் ஒரு அக்கா, தினமும் 20 கிலோ இட்லி அரிசியும் 5 கிலோ உளுந்தும் அரைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறிவிப்பில் “டில்டிங் கிரைண்டர் 10 லிட்டர்” என்று போட்டிருக்கிறது. 10 லிட்டர் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. அதில் ஒரு ஈட்டுக்கு ஏறக்குறைய 4 கிலோ அரிசி போடலாம். ஊறியபின் எடை கூடி, தண்ணீரும் சேர்ந்தால் பாத்திரம் நிறைந்துவிடும். உளுந்து இன்னும் குறைவு. அது அரைபட அரைபடப் பொங்கிக்கொண்டு வருவதால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் போட்டால் விளிம்பைத் தாண்டி வழியும். ஆக உளுந்து இரண்டு ஈடு, அரிசி ஐந்து ஈடு. உளுந்துக்கு ஈட்டுக்கு 40 நிமிடம், அரிசிக்கு அரை மணி நேரம் என்று கொண்டால் அரைக்க மட்டும் 230 நிமிடம் ஆகிறது. வந்து சாமான் எடுத்து வைக்க 20 நிமிடம், உப்புப் போட்டுக் கலந்து பாக்கெட்டில் நிரப்ப 45 நிமிடம், கழுவித் துடைக்க 45 நிமிடம். மொத்தம் 340 நிமிடம். ஆறு மணி நேரம் எடுத்தால்தான் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

அதே கூடத்தில் இரண்டு கிரைண்டர் இருந்து, இரண்டையும் அவர் ஒருவரே பயன்படுத்தலாம் என்றால்? உளுந்து இரண்டு ஈடும் ஒரே சமயத்தில் 40 நிமிடத்தில் முடியும். அரிசி மூன்று சுற்றில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். மற்ற வேலைகளையும் சேர்த்தால் சரியாக நாலு மணி நேரம். மணிக்கு 250 ரூபாய் என்றால் முதல் கணக்கில் 1,500 ரூபாய், இரண்டாவதில் 1,000 ரூபாய். கிடைக்கும் மாவு ஏறக்குறைய 60 கிலோ. கிலோவுக்கு 25 ரூபாய் கூட வாடகையா, 17 ரூபாய் கிட்டத்தில் முடியும் வாடகையா என்பதை “கிரைண்டர் உண்டு” என்ற வரி சொல்வதில்லை. கிலோ 50 ரூபாய்க்குக் கடைக்குப் போடுகிறவருக்கு அந்த எட்டு ரூபாயில்தான் லாபமே இருக்கிறது.

அதனால் கருவிகளின் பெயரை மட்டும் அடுக்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் ஒரு ஈட்டுக்கு எவ்வளவு தாங்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், எத்தனை இருக்கிறது, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு மிஞ்சுமா என்று எழுத வேண்டும். கம்பெனிக்காரர் கொடுத்த அட்டையைப் பார்த்து எழுதக் கூடாது. ஒரு நாள் உண்மையாகவே அரைத்து, சுட்டு, கடிகாரம் பார்த்து எழுத வேண்டும்.

மாவுக் கணக்கில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அரிசியும் உளுந்தும் எங்கே ஊறும்? காலை நாலு மணிக்கு அரைக்க வேண்டுமென்றால் முந்தின இரவே ஊறப்போட்டிருக்க வேண்டும். வீட்டில் ஊறப்போட்டு, தண்ணீரோடு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வர முடியுமா? கூடத்தில் மூடி போட்ட இரண்டு டிரம் வைக்க ஒரு மூலை ஒதுக்கி, “முந்தின இரவு 9 மணிக்கு வந்து ஊறப்போட்டுவிட்டுப் போகலாம், அந்தக் கால் மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை” என்று அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால், அந்த ஒரு வரிக்காகவே மாவுக்காரர்கள் வருவார்கள். வெளியூர் விளம்பரங்களைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு இந்த வரி தோன்றவே தோன்றாது.

கேக் சுடுபவர்களின் கேள்விகள் வேறு. ஓவன் இருக்கிறது என்பதைவிட அது எந்த வகை, தட்டின் நீள அகலம் என்ன, உள் உயரம் எவ்வளவு, மின்சாரமா கேஸா என்பவைதான் அவர்களுக்கு வேண்டும். மின்சார ஓவன் என்றால் கூடத்தின் மொத்த இணைப்பு எத்தனை கிலோவாட் என்பதும் சேர்த்து வர வேண்டும். இரண்டு அடுக்கு, நாலு தட்டு டெக் ஓவன் ஒன்றே 12, 13 கிலோவாட் இழுக்கும். 15 கிலோவாட் இணைப்பு வைத்திருக்கும் கூடத்தில் ஓவன், இரண்டு கிரைண்டர், ஃப்ரீசர், எக்ஸாஸ்ட் எல்லாம் ஒன்றாக ஓடினால் டிரிப் ஆகும். ஓவனுக்குள் பாதி வெந்து உப்பி நின்ற கேக், மின்சாரம் போனால் நடுவில் அமுங்கிவிடும். திரும்பப் போட்டாலும் எழும்பாது. “ஓவன் ஓடும் நேரத்தில் ஒரு கிரைண்டர் மட்டும்” என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எழுதாமல் விட்டு, முதல் நாளே டிரிப் ஆனால் அந்த வாடிக்கையாளர் திரும்ப வர மாட்டார்.

ஜெனரேட்டர் விஷயமும் அப்படியே. “பவர் பேக்கப் உண்டு” என்று போடுகிற பல இடங்களில் அது விளக்கையும் ஃப்ரீசரையும்தான் தாங்கும். எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று சொல்லிவிட வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் பகலில் பல மணி நேரம் நிறுத்தும் நாள் ஒன்று எல்லாப் பகுதிகளிலும் வரும். முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடுவதால், அன்று பகல் நேரத்தை யாருக்கும் ஒதுக்காமல் விடுவது கூடத்துக்காரரின் பொறுப்பு.

இடம் பார்க்க வருகிறவர்கள் முதலில் அடுப்பை எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் நெருக்கடி அடுப்பில் வருவதில்லை. குளிர்ப்பெட்டியிலும் கழுவும் தொட்டியிலும்தான் வருகிறது. மாவு அக்காவின் 60 கிலோ மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லின் உராய்வில் சூடேறி, 35 டிகிரி பக்கம் இருக்கிற மாவை மொத்தமாகச் சில்லரில் அடுக்கினால், அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ள ஒரு சாதாரணப் பெட்டிக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதுவரை அதே பெட்டியில் இருக்கிற வேறொருவரின் கிரீம், பால், பனீர் எல்லாம் பாதுகாப்பான குளிரை விட்டு மேலே ஏறி நிற்கும். வாசனையில் உடனே தெரியாது. மறுநாள் கிரீம் அடிக்கும்போது நுரை நிற்காமல் தண்ணீர் விட்டால்தான் தெரியும். சூடான சரக்குக்கு ஒரு பெட்டி, குளிர்ந்த சரக்கை வைக்க இன்னொரு பெட்டி என்று பிரிக்க முடியுமானால் பிரித்துவிட்டு அதை அறிவிப்பில் போடுங்கள். முடியாதென்றால், மாவை ஒரு கிலோ பாக்கெட்டாக நிரப்பி, இடைவெளி விட்டுப் பரப்பி வைக்க வேண்டும், ஒருவர் ஒரு நேரத்தில் இத்தனை கிலோவுக்கு மேல் சூடாக வைக்கக் கூடாது என்று விதி போடுங்கள்.

இங்கே மூன்று எண்களை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ச்சியில் வைக்கும் உணவு 5 டிகிரிக்குக் கீழே, சூடாக வைக்கும் உணவு 60 டிகிரிக்கு மேலே, உறைய வைத்தது மைனஸ் 18-க்குக் கீழே. 5-க்கும் 60-க்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். குழம்பு, கிரேவி, வெந்த கறி செய்பவர்கள் சூடான சரக்கை 60-லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நாலு மணி நேரத்திலும் கொண்டுவர வேண்டும். பெரிய அண்டாவில் அப்படியே விட்டால் இது நடக்காது. அகலமான, ஆழமில்லாத தட்டுகளில் ஊற்ற வேண்டும், அல்லது அண்டாவை ஐஸ் தண்ணீரில் நிறுத்திக் கிளற வேண்டும். கூடத்தில் அந்த மாதிரித் தட்டுகள் எத்தனை இருக்கின்றன, ஐஸ் கிடைக்குமா என்பதும் கருவிப் பட்டியலில் இடம்பெற வேண்டிய செய்திதான். பெட்டிக் கதவில் காலையும் மாலையும் வெப்பநிலை குறித்த தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நாளும் ஒரே எண், ஒரே பேனாவில் எழுதியிருந்தால் அது பார்த்து எழுதியது அல்ல.

சுத்தம் பற்றிய விதிகளுக்கு வருவோம். “சுத்தமாக வைத்துக்கொள்ளவும்” என்று எழுதி ஒட்டினால் ஒன்றும் நடக்காது. யார், எதை, எப்போது, எதைக் கொண்டு என்று எழுத வேண்டும். வெளியேறுபவர் தாம் எடுத்த கருவியையும் மேடையையும் கழுவ வேண்டும். தரை, கால்வாய் வலை, எக்ஸாஸ்ட், கழிவறை ஆகியவை கூடத்தின் ஆள் பொறுப்பு. கழுவுவது என்றால் சோப்பில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, பிறகு குளோரின் கரைசலில் முக்கி, காற்றில் உலரவிடுவது. இதற்காகத்தான் மூன்று தொட்டி கொண்ட சிங்க் கேட்கிறோம். ஈரத் துணியால் துடைத்து முடிப்பது கிருமியை ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குப் பரப்புவதில்தான் முடியும்.

கிரைண்டரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே குழவிக்கல்லைத் தூக்கி, அது சுழலும் அச்சைச் சுற்றிப் பார்த்தால், சரியாகக் கழுவாத இயந்திரத்தில் காய்ந்து போன வெள்ளைக் கோடு ஒன்று தெரியும். விரலால் தேய்த்து முகர்ந்தால் புளித்த வாடை வரும். நேற்று அரைத்தவரின் மாவு அது. இன்று அரைக்கும் மாவுக்கு அதுவே உறையாகி, பாக்கெட்டில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பொங்கவைக்கும். “புது மாவு, இரண்டு நாள் தாங்கும்” என்று கடைக்குக் கொடுத்த பாக்கெட் மறுநாள் மதியமே உப்பி வெடித்தால் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். அதனால் கிரைண்டருக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுதச் சொல்வேன். கல்லைக் கழற்றி, அச்சைத் தேய்த்து, உலர்ந்த பிறகே அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இதே மாதிரி ஃப்ரீசர் கதவின் ரப்பர் மடிப்பை விரித்துப் பார்த்தால் கறுப்புப் பூசணம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த மடிப்பு சுத்தமாக இருக்கிற கூடத்தில் மற்றவையும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

பலர் பயன்படுத்தும் இடத்தில் இன்னொரு சங்கடம், ஒருவரின் சரக்கு இன்னொருவரின் சரக்கில் கலப்பது. மிளகாய்ப் பொடி அரைத்த அறையில் ஒரு மணி நேரம் கழித்து வெண்ணிலா கேக் சுட்டால் வாடிக்கையாளர் தொண்டையைச் செருமுவார். அது வெறும் சங்கடம். வேர்க்கடலை அப்படியல்ல. கடலை மிட்டாய் செய்த மேடையில் மிச்சம் ஒட்டியிருந்து, ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது பிஸ்கட்டில் போய்ச் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தியாவின் 2020 லேபிள் விதிமுறைகளில் ஒவ்வாமை தரக்கூடியவை என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய பட்டியலில் கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் வகைகள், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா ஆகியவை இருக்கின்றன. கூடத்தில் இவற்றில் எவை புழங்குகின்றன என்று அறிவிப்பிலேயே சொன்னால்தான் வருகிறவர் தம் லேபிளை நேர்மையாக அச்சிட முடியும். நாளின் வரிசையையும் இதை வைத்தே அமைக்க வேண்டும். காலையில் மாவும் பேக்கரியும், பிறகு சமையல், கடைசியாகக் கடலையும் காரப் பொடியும், அதன்பின் முழுக் கழுவல்.

சைவமா அசைவமா என்பதைப் பூசி மெழுகக் கூடாது. “சைவம் மட்டும், முட்டை உண்டு” என்றோ “சைவம் மட்டும், முட்டையும் கிடையாது” என்றோ “அசைவத்துக்குத் தனி மேடை, தனி ஃப்ரீசர்” என்றோ பளிச்சென்று இருக்கட்டும். பச்சை வட்டக் குறி போட்டு விற்பவர், தான் அரைத்த மிக்சியில் நேற்று மீன் மசாலா அரைபட்டது என்று பிறகு தெரிந்துகொள்ளும்படி விடுவது அவருடைய வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம்.

இனி அரசுத் தாள்கள். 2006-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமும் 2011-இல் வந்த உரிம விதிமுறைகளும் உணவு தயாரித்து விற்கும் ஒவ்வொருவருக்கும் பொருந்தும். கூடத்துக்காரரிடம் உரிமம் இருக்கிறது என்பதற்காக வாடகைக்கு வருபவர் அதன் கீழ் விற்க முடியாது. அவரவர் தொழிலுக்கு அவரவர் பெயரில், சரக்கு தயாராகும் முகவரியில், பதிவோ உரிமமோ வேண்டும். அது ஆண்டு விற்பனையைப் பொறுத்தது. 14 இலக்க எண் அப்போதுதான் கிடைக்கும், அந்த எண் இல்லாமல் பாக்கெட்டில் லேபிள் போட முடியாது. விண்ணப்பிக்கும்போது, இந்த இடத்தைப் பயன்படுத்த உரிமை இருக்கிறது என்று காட்டும் ஒப்பந்தம் கேட்பார்கள். “பதிவுக்குத் தேவையான ஒப்பந்தத் தாளும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் தருவோம்” என்ற வரியை அறிவிப்பின் முதல் பத்தியிலேயே எதிர்பார்ப்பேன். மணிக்கணக்கில் விடுகிறேன், தாள் எதுவும் தர மாட்டேன் என்கிற இடத்தில் சட்டப்படி தொழில் செய்ய வழியில்லை. ஒரே முகவரியில் பலர் பதிவு கேட்கப் போகிறார்கள் என்பதைக் கூடத்துக்காரர் தம் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் முன்பே சொல்லி, எதெல்லாம் கூடத்தின் பொறுப்பு, எதெல்லாம் தனியார் பொறுப்பு என்று எழுதி வைத்துக்கொள்வது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

அந்த விதிமுறைகளின் நான்காம் அட்டவணையில்தான் சுத்தத்துக்கான கட்டளைகள் இருக்கின்றன. உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, குடல்நோய்த் தடுப்பூசி, காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ கையில் புண்ணோ இருந்தால் வேலைக்கு வராமல் இருத்தல், எல்லாம் அதில் உண்டு. பொதுக்கூடத்தில் இதை நடைமுறைப்படுத்த எளிய வழி, மருத்துவச் சான்று நகல் கொடுத்தவர்களின் பெயர் மட்டும் வாசல் பதிவேட்டில் இருப்பது. கூடவே அழைத்து வரும் உதவியாளருக்கும் இது பொருந்தும் என்று எழுத மறந்துவிடுகிறார்கள். அந்த உதவியாளர்தான் பாத்திரத்தில் கைவைக்கிறவர்.

நேரம் பற்றிச் சில வரிகள் போதும். மணி என்றால் எந்த மணி? கதவு திறந்ததிலிருந்தா, அடுப்பு பற்றியதிலிருந்தா? கழுவும் நேரம் உள்ளேயா வெளியேயா? நான் பரிந்துரைப்பது, கழுவல் உட்பட எல்லாம் எடுத்த நேரத்துக்குள், அடுத்தவர் வருவதற்கு முன் கூடத்தின் ஆள் பார்வையிட அரை மணி நேர இடைவெளி, அந்த அரை மணிக்கு யாரிடமும் கட்டணம் இல்லை. அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒருவரின் தாமதம் மூன்று பேரின் நாளைக் கெடுக்கும். இடம் பார்க்கப் போகிறவர்களும் மதியம் ஓய்வாக இருக்கும் நேரத்தில் போகாமல், ஒருவர் வெளியேறி இன்னொருவர் நுழையும் அந்த அரை மணியில் போய் நின்று பாருங்கள். கூடத்தின் குணம் அப்போது தெரிந்துவிடும்.

கட்டணத்தில்தான் நல்ல கூடங்களும் கவிழ்கின்றன. ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வேலை செய்யக்கூடிய கூடம். மாதம் இட வாடகை 40,000, துப்புரவுப் பணியாளர் 15,000, மேற்பார்வையாளர் 18,000, 9 லட்சத்துக்கு வாங்கிய சாமான்கள் ஐந்து வருடத்தில் தேய்வதால் மாதம் 15,000, இரவும் பகலும் ஓடும் குளிர்ப்பெட்டிகளின் மின்சாரம் 8,000, தண்ணீர், பூச்சி மருந்து, பரிசோதனை, காப்பீடு, ரிப்பேர் சேர்த்து 9,000. மொத்தம் 1,05,000 ரூபாய். காலை 4 முதல் இரவு 10 வரை, 26 நாள், இரண்டு இடம் என்றால் விற்கக் கையில் இருப்பது 936 மணி. 1,05,000-ஐ 936-ஆல் வகுத்தால் மணிக்கு 112 ரூபாய். புதிதாகத் தொடங்குபவர்கள் இதைப் பார்த்து 120 என்று போட்டுவிடுகிறார்கள். விடியற்காலை நாலு முதல் எட்டு வரை எல்லோருக்கும் வேண்டும், மதியம் இரண்டு முதல் ஐந்து வரை யாருக்கும் வேண்டாம் என்பது பிறகுதான் புரிகிறது. 936-இல் 45 விழுக்காடு, அதாவது 421 மணிதான் விற்கும் என்று கொண்டால் மணிக்கு 250 ரூபாய் வாங்கினால்தான் கைக்கு நஷ்டமில்லை. இதில் கூடத்துக்காரரின் சம்பளம் இன்னும் சேரவில்லை. அதை விடியற்காலைக்குக் கூடுதல் கட்டணம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மதியத்துக்குக் கணிசமாகக் குறைத்தால் ஊறுகாய், பொடி போன்ற அவசரமில்லாத வேலைக்காரர்கள் அங்கே வருவார்கள்.

கேஸையும் ஓவன் மின்சாரத்தையும் மணிக்கட்டணத்துக்குள் புதைக்காதீர்கள். பாக்கெட் போட மட்டும் வந்தவரும் மூன்று அடுப்பில் மைசூர்பாகு கிண்டியவரும் ஒரே தொகை கொடுத்தால் முதலாமவர் போய்விடுவார். ஓவனுக்கு ஒரு சப்‑மீட்டர் போடலாம். கேஸுக்கு அதைவிட எளிது. 19 கிலோ வணிக சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எடை குறித்து, குறைந்த கிலோவுக்குக் காசு வாங்கினால் இரண்டு பக்கமும் வாதம் இருக்காது. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டர் அங்கே நின்றால், அந்தக் கூடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். தொழிலுக்கு அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். பொரித்த எண்ணெய்க்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்ற வரம்பு 2018 ஜூலை முதல் இருக்கிறது. தனி டப்பாவில் சேர்த்து, எடுத்துச் செல்லும் முகவரிடம் கொடுப்பதை விதியாக்கினால், அது அடுத்தவரின் வாணலியிலோ கழிவுநீர்க் குழாயிலோ போய்ச் சேராது.

இவ்வளவையும் சேர்த்தால் அறிவிப்பு எப்படி இருக்கும்? ஒரு மாதிரி இது:

“சைவச் சமையற்கூடம், முட்டை உண்டு. கோதுமை, பால், வேர்க்கடலை புழங்கும் இடம். 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் இரண்டு. ஈட்டுக்கு 4 கிலோ அரிசி, அரை மணி. ஒருவரே இரண்டையும் எடுக்கலாம். நாலு தட்டு மின்சார டெக் ஓவன் ஒன்று. அது ஓடும்போது ஒரு கிரைண்டர் மட்டும். சூடான சரக்குக்குத் தனிச் சில்லர். ஜெனரேட்டர் விளக்கு, குளிர்ப்பெட்டிகளுக்கு மட்டும். முந்தின இரவு 9 மணிக்கு ஊறப்போடலாம். காலை 4 முதல் 8 வரை மணிக்கு 320 ரூபாய், மதியம் 2 முதல் 5 வரை 160, மற்ற நேரம் 250. குறைந்தது மூன்று மணி. கழுவும் நேரம் இதற்குள் அடக்கம். கேஸ் எடைக்கணக்கு, ஓவன் மீட்டர்க்கணக்கு. அலமாரித் தட்டு ஒன்று மாதம் 400. பதிவுக்கான ஒப்பந்தமும் தண்ணீர் அறிக்கையும் தரப்படும். மருத்துவச் சான்று இல்லாதவருக்கு அனுமதி இல்லை.”

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்த மாவு அக்கா, தன் 20 கிலோ அரிசிக்கு நாலு மணி நேரம், 1,280 ரூபாய், கிலோவுக்கு 21 ரூபாய்க்கு மேல் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுவிடலாம். விடியற்காலைக் கட்டணம் கட்டாது என்று தோன்றினால், எட்டு மணிக்குமேல் அரைத்து மாலைக் கடைகளுக்குக் கொடுக்க முடியுமா என்று யோசிப்பார்.

முன்பணமும் ரத்தும் மட்டும் பாக்கி. முன்பணம் எதற்கெல்லாம் பிடிக்கப்படும் என்று எழுதாமல் வாங்கக் கூடாது. உடைந்த ஜாருக்கா, கழுவாமல் போனதற்கா, தாமதத்துக்கா? நுழையும்போதும் வெளியேறும்போதும் கிரைண்டர், மேடை, சிங்க் மூன்றையும் போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்வது, பேச்சில் தீராததைத் தீர்க்கும். தாமதத்துக்கு ஒவ்வொரு கால் மணிக்கும் கட்டணம் என்று வைத்தால், முப்பது நிமிடம் தாமதமானவரிடம் முழு மணிக்கு வாங்கி மனக்கசப்பு வராது. வாடகைக்கு வருபவர் ஒரு நாள் முன்னால் சொன்னால் முழுப் பணமும் திரும்ப வேண்டும், அன்றே சொன்னால் பாதி. கூடத்தின் பக்கம் தவறென்றால், அதாவது கிரைண்டர் ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை என்றால், வாடகையைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது. இரவே ஊறப்போட்ட 25 கிலோ அரிசி உளுந்தின் விலையையும் யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். கூடத்துக்காரர் ஏற்பது என்பதே நியாயம் என்பது என் கருத்து.